காலாண்டு அறிக்கை: அட்டவணையா, பந்தியா?

சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி ஆகிய இடங்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை உதாரணமாக எடுப்போம். "சுன்னாகத்தில் 42 இலட்சமாக இருந்த விற்பனை 45 ஆக உயர, நெல்லியடியில் 38 இலட்சம் 31 ஆகக் குறைந்தது" என்று பந்தியில் எழுதிக்கொண்டே போனால், வாசிக்கும் பணிப்பாளர் பேனையை எடுத்து ஓரத்தில் தானே கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பார். அந்தக் கோட்டை நாமே போட்டுக் கொடுக்கலாம்:

| கிளை (இலட்சம் ரூபா) | காலாண்டு 1 | காலாண்டு 2 | மாற்றம் |
|---|---:|---:|---:|
| சுன்னாகம் | 42 | 45 | +3 |
| நெல்லியடி | 38 | 31 | −7 |
| சாவகச்சேரி | 27 | 28 | +1 |

அலகைத் தலைப்பில் ஒருமுறை போட்டால் போதும். இலக்கங்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்துங்கள். ஒரேயொரு கிளையின் இரண்டு தொகைகள்தான் என்றால் அட்டவணை வேண்டாம், ஒரு வசனமே போதும்.

ஆனால் நெல்லியடி ஏன் விழுந்தது என்பதை அட்டவணை சொல்லாது. "கடன் தவணையை 60 நாளிலிருந்து 30 ஆகக் குறைத்ததால் பெரிய கடைக்காரர் இருவர் விலகினர், ஆனாலும் நிலுவை வசூல் கூடியது" என்பது பந்திக்குரியது. இதைப் புள்ளிப் பட்டியலாக மூன்று துண்டாக்கினால் 'குறைத்ததால்', 'ஆனாலும்' இரண்டும் உதிர்ந்துவிடும். தவணையைக் குறைத்தது சரியா பிழையா என்று பணிப்பாளர் சபை தீர்மானிக்க உதவுவதே அந்த இரண்டு சொற்கள்தான். இப்போதெல்லாம் எதையும் புள்ளி போட்டு எழுதுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

பட்டியலைப் பரிந்துரைகளுக்கு வைத்திருங்கள். வரிசைப்படி செய்யவேண்டியவை என்றால் புள்ளிக்குப் பதில் இலக்கமிடுங்கள்; கூட்டத்தில் "3ஆவதைப் பார்ப்போம்" என்று சுட்டவும் வசதி.