வயலின் வகுப்புக்கு வாங்கிய ரெக்கார்டர்: 14 மாதம் கழித்து

பாலக்கோட்டில் இருக்கும் தோழி, வயலின் வகுப்பைப் பதிவு செய்ய நான் வைத்திருக்கும் ரெக்கார்டரை வாங்கலாமா என்று கேட்டாள். போன வாரம்தான் அதன் மேல் எனக்குக் கடுங்கோபம் வந்திருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்குப் போய் 50 நிமிடம் கற்றுக்கொள்கிறேன். முன்பெல்லாம் போனில்தான் பதிவு செய்தேன். அப்போது ஆபோகி வர்ணம் நடந்துகொண்டிருந்தது. அதில் காந்தாரம் நேராக நிற்கும் ஸ்வரம் இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டும். "கை அசையுது சரி, வில்லும் சேர்ந்து அசையுதேம்மா" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டால் என் வாசிப்பில் அப்படி எதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் அதே தப்பை நன்றாகச் சாதகம் செய்து கைக்குள் ஏற்றிக்கொண்டேன்.

காரணம் போனின் தானியங்கி ஒலி அளவு. சத்தம் கூடினால் அது குறைக்கும், குறைந்தால் தூக்கிவிடும். இடது கை அசையும்போதெல்லாம் என் வலது ஆள்காட்டி விரல் வில்லை அழுத்தியதில் சத்தம் வீங்கி வீங்கி வடிந்திருக்கிறது, அந்த வீக்கத்தையே போன் சமன் செய்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பதிவில் யாரும் வாசிக்காத இடத்தில் தம்புரா மெல்ல மேலே எழும்பி, வயலின் தொடங்கியதும் பட்டென்று அமுங்கினால், சத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அந்தப் பதிவை நம்பக்கூடாது.

ரெக்கார்டரில் அளவை நாமே வைத்துக்கொள்ளலாம். சார் உரக்க வாசிக்கும் இடத்தில் முள் -12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்தால் போதும், வீக்கம் அப்படியே கேட்கிறது. ஆனால் நான் இதை விரும்புவது வேறொரு விஷயத்துக்காக: பதிவு ஓடும்போதே அழுத்தினால் அந்த நிமிடத்தில் குறி விழும் பொத்தான். வலது முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சார் நிறுத்தும்போதெல்லாம் ஒரு தட்டு.

திரும்பி வரும்போது காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் குறி விழுந்த இடங்களை மட்டும் கேட்டு முடித்துவிடுவேன். சார் சொன்ன வார்த்தையை எழுதி வைத்து ஒரு பயனும் இல்லை. "இப்படி இல்ல, இப்படி" என்பதை நோட்டில் எழுதினால் நாளைக்கு அதில் என்ன இருக்கும்? அதனால் ஒவ்வொன்றுக்கும் நிமிடம், எந்தப் பிடி, என் கை என்ன செய்தது, எதை மாற்ற வேண்டும் என்று எழுதுகிறேன். ஆபோகி வகுப்பு ஒன்றில் 14 குறி விழுந்திருந்தது. எழுதிப் பார்த்தால் 9 குறி அந்த ஆள்காட்டி விரல்தான், 4 குறி அசைவு மத்யமம் வரை எட்டாமல் பாதியில் திரும்பியது, ஒன்று தாளம். ஆக அந்தத் தாளம் போக வகுப்பு முழுக்க இரண்டே தப்பு, ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் வேறு. எட்டிப் பிடிக்கப் போனால் விரல் அழுத்தும்.

அதனால் அந்த வாரத்தைப் பிரித்துக்கொண்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அசைவே இல்லாமல், ஆள்காட்டி விரலைத் தளர்த்தி, ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை ஸட்ஜம். புதன், வியாழன் அதே வில்லில் காந்தாரம் மட்டும், அசைவு மெதுவாக, மத்யமம் காதில் விழுந்த பிறகே திரும்பும்படி. வெள்ளிக்கிழமை 'த ம க ரி ஸ' பிடியை முதல் காலத்தில், சாரின் எட்டு விநாடித் துண்டைக் கேட்டுக் கேட்டு. சனிக்கிழமைதான் பல்லவி. அதையும் பதிவு செய்து, சார் நிறுத்திய அதே இடத்தை வகுப்புப் பதிவோடு ஒப்பிட்டேன். வீக்கம் பாதிக்கு மேல் போயிருந்தது. அசைவு இன்னும் எட்டவில்லை, அது அடுத்த வாரத்துக்கு.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். பேட்டரி மாற்றினால் இந்தக் கருவி சத்தமில்லாமல் தானியங்கி அளவுக்கே திரும்பிவிடுகிறது. திரையின் மூலையில் பொடி எழுத்து ஒன்றைத் தவிர எச்சரிக்கை கிடையாது. போன ஞாயிறு புதிய பேட்டரி போட்டேன், பார்க்க மறந்தேன், சார் கமகத்தை வாசித்துக் காட்டிய 20 நிமிடமும் தட்டையாகப் போய்விட்டது. 14 மாதத்தில் இது நான்காவது முறை. பணம் கொடுத்து வாங்கிய பொருள், போனில் எதிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ அதையே செய்தால் எப்படிப் பொறுப்பது?

எனவே தோழிக்குச் சொன்னேன், இதை வாங்காதே. அளவைக் கையால் வைக்க முடிகிற பதிவுச் செயலி உன் போனில் கிடைத்தால், முதலில் அந்தத் தம்புரா சோதனையைச் செய்து பார். சரி, உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன் என்றாள். மாட்டேன். அந்தக் குறிப் பொத்தான் எனக்கு வேண்டும்.