விளம்பரத்துல வந்த கஸ்டமர்ஸை கோஹார்ட்டா பிரிச்சு ஒன்றரை வருஷம் பார்த்ததுல புரிஞ்சது

ஒரு கஸ்டமர்கிட்ட இருந்து மொத்தமா வர்ற லாபத்தைத்தான் எல்டிவின்னு சொல்றோம். முன்னாடி நாங்க அதை பார்த்த விதம் ரொம்ப சிம்பிள், ஒரு சேனல்ல வந்த மொத்த லாபத்தை அந்த சேனல் கஸ்டமர் எண்ணிக்கையால வகுக்கறது. சர்ச் விளம்பரத்துக்கு ஒரு ஆளுக்கு 380, சோஷியல் மீடியாவுக்கு 150னு வந்துச்சு, சோஷியலை நிறுத்திடலாம்னு முடிவுக்கே வந்துட்டோம். ஆனா சர்ச் 3 வருஷமா ஓடுது, சோஷியல் ஆரம்பிச்சே 8 மாசம்தான். 3 வருஷமா வாங்கிட்டு இருக்கறவரையும் போன மாசம் வந்தவரையும் ஒரே தராசுல வச்சிருக்கோம்!

அப்புறம்தான் ஒரே மாசத்துல முதல் ஆர்டர் போட்டவங்களை ஒரு குழுவா, அதாவது ஒரு கோஹார்ட்டா பிரிச்சு, எல்லாரையும் ஒரே வயசுல ஒப்பிட்டோம். வயசுன்னா முதல் ஆர்டர்ல இருந்து ஆன காலம். வயசை காலண்டர் மாசமா எண்ணாதீங்க, 28ம் தேதி வந்தவருக்கு முதல் மாசம் மூணு நாலு நாள்தான் கிடைக்கும். நாங்க இப்படி எண்றோம்:

```
floor((order_date - first_order_date) / 30)
```

6 மாச வயசுல பார்த்தா சர்ச் 210, சோஷியல் 190. ஒரு கஸ்டமரை கொண்டுவர ஆன செலவு சர்ச்சுக்கு 160, சோஷியலுக்கு 110, அதாவது போட்ட ஒவ்வொரு 100க்கும் சர்ச்ல 131, சோஷியல்ல 173 திரும்பி வந்திருக்கு. முடிவு அப்படியே தலைகீழ். ஆனா அப்ப 6 மாசம் முடிச்சது சோஷியல்ல முதல் ரெண்டு கோஹார்ட் மட்டும்தான், அதனால பட்ஜெட்டை ஒரேயடியா மாத்தாம கொஞ்சம் கொஞ்சமாதான் ஏத்தினோம்.

நான் ரொம்ப நாள் பண்ண தப்பு ஒண்ணு, வகுக்கற எண்ணை அந்த மாசம் திரும்ப வாங்கினவங்க எண்ணிக்கையா வச்சிருந்தேன். விட்டுட்டு போனவங்க கணக்குலயே வராததால எல்லா சேனலும் வயசாக ஆக அழகா தெரிஞ்சுது. கோஹார்ட்ல முதல்ல எத்தனை பேர் இருந்தாங்களோ அந்த எண்ணாலதான் கடைசி வரைக்கும் வகுக்கணும், கிராஃப்ல கோடு சந்தேகப்படற அளவுக்கு மேல ஏறினா முதல்ல இதை செக் பண்ணுங்க. அதே மாதிரி கோஹார்ட் டேபிள்ல இன்னும் அந்த வயசு வராத கட்டத்தை காலியா விடணும், 0 போட்டா புது கோஹார்ட் எல்லாம் சராசரியை கீழ இழுத்துடும்.

சோஷியல்லயும் எல்லா மாசமும் ஒண்ணு இல்ல. பெரிய தள்ளுபடி கொடுத்த மாசத்துல வந்தவங்க 6 மாசத்துல 95லயே நின்னுட்டாங்க, செலவே திரும்பல. ஆஃபர்ல வந்தவங்களை தனி கோஹார்ட்டா வைக்காம இருந்திருந்தா பழி சேனல் மேல போயிருக்கும்.

சர்ச்ல எங்க பிராண்ட் பேரை தேடி வந்தவங்களை தனியா எடுத்தப்ப இன்னொரு அதிர்ச்சி, மிச்ச சர்ச்சோட 6 மாச லாபம் 165, செலவு 185. பிராண்ட் பேரை தேடினவங்கள்ல எத்தனை பேர் சோஷியல் விளம்பரத்தை பார்த்துட்டு வந்தவங்கன்னு இந்த டேபிள் சொல்லாது, விளம்பரமே இல்லாம வந்திருப்பாங்களான்னும் சொல்லாது. அதுக்கு சில ஏரியால மட்டும் விளம்பரத்தை நிறுத்தி பார்க்கணும், இப்ப அதைத்தான் ஓட்டிட்டு இருக்கோம்.