"எப்போதும்", "என்றாவது": டிஎல்ஏ பிளஸ் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகளாக, ஒரே நேரத்தில் இயங்கும் நிரல்களின் மாதிரிகளை டிஎல்ஏ பிளஸ் மொழியில் எழுதி, அதன் சோதிப்பானான டிஎல்சியில் ஓட்டி வருகிறேன். அமிர் ப்னூலி 1977இல் நிரல் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்த காலத் தருக்கத்தின் இரண்டு குறிகள்தாம் இதற்கு அடிப்படை: `[]` என்றால் எப்போதும், `<>` என்றால் என்றாவது. `[]` முதல் நாளே பயன் தந்துவிடும். `<>` கைவசமாகத்தான் காலம் பிடிக்கும்.

இரண்டு செயல்முறைகள் ஒரே பூட்டுக்குப் போட்டியிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை `pc` சொல்லும்: `"wait"` என்றால் பூட்டுக்குக் காத்திருக்கிறது, `"cs"` என்றால் பூட்டை எடுத்து உள்ளே இருக்கிறது.

```
Safe == [](~(pc[1] = "cs" /\ pc[2] = "cs"))
Live == (pc[1] = "wait") ~> (pc[1] = "cs")
```

இருவரும் ஒருசேர உள்ளே இருக்கக் கூடாது என்கிறது `Safe`. முதலாமவர் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் என்றாவது உள்ளே போயாக வேண்டும் என்கிறது `Live`.

`Safe` தவறானால் அதைக் காட்ட, கெட்ட நிலையில் போய் முடியும் சில படிகள் போதும். `Live` தவறென்று காட்டவோ முடிவில்லாத ஓட்டம் ஒன்று வேண்டும். இயலும் செயல் நடந்தே தீரும் என்று சொல்லும் நியாய நிபந்தனை எதுவும் எழுதாவிட்டால், யாருமே அடுத்த அடி வைக்காமல் நின்றுவிடும் ஓட்டத்தை டிஎல்சி காட்டும். அதன் கடைசி வரியில் `Stuttering` என்றிருக்கும். அது பூட்டின் குறையன்று. மாதிரி நகர்ந்தே ஆக வேண்டும் என்று நாம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வழக்கமாக அடுத்துச் சேர்ப்பது நுழைவுக்கும் வெளியேறலுக்கும் `WF_vars(Enter(p))`, `WF_vars(Exit(p))` என்ற வலுக்குறைந்த நியாயம். இப்போது தடம் `Back to state` என்று முடிகிறது. இரண்டாமவர் வெளியேறுகிறார், மீண்டும் கேட்கிறார், மீண்டும் நுழைகிறார். முதலாமவர் காத்துக்கொண்டே இருக்கிறார். இந்தச் சுழற்சி `WF` நிபந்தனையை மீறவே இல்லை. ஒரு செயல் ஒரு கட்டத்துக்குப் பின் இடைவிடாமல் இயலக்கூடியதாக, அதாவது `<>[]` என்ற வகையில், இருந்தால் மட்டுமே `WF` அதை நடத்திவைக்கும். இங்கே இரண்டாமவர் பூட்டை எடுக்கும் போதெல்லாம் முதலாமவரின் வாய்ப்பு அடைபட்டுவிடுகிறது. விட்டுவிட்டு என்றாலும் திரும்பத் திரும்ப வாய்ப்பு வருவது `[]<>`. அதற்கே செயலை நடத்திவைப்பது `SF` என்ற வலுவான நியாயம். நுழைவுக்கு `SF`, வெளியேறலுக்கு `WF` என்று எழுதினால் `Live` தேறிவிடும். கேட்பதற்கு எந்த நியாயமும் வேண்டாம். பூட்டைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஆனால் `SF` என்பது நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம். உண்மையான பூட்டு வரிசை முறையில் ஆளை விடுகிறதா என்று பார்க்காமல் அதை எழுதுவதை நான் ஏற்பதில்லை. வரிசை இல்லாத பூட்டு என்றால் `WF` நிபந்தனையையே விட்டுவைத்து, ஒருவர் பூட்டுக் கிடைக்காமலே பட்டினி கிடக்கும் சாத்தியத்தை ஆவணத்தில் குறிப்பிடுவதே நேர்மை.

`Live` தேறிய பிறகும் ஒரு சோதனை செய்கிறேன். யாருமே காத்திருக்காத மாதிரியிலும் `~>` உண்மையாகிவிடும் என்பதால், `[](pc[1] # "wait")` என்பதையும் பண்பாகக் கொடுத்து ஓட்டுகிறேன். டிஎல்சி அதை முறித்துக் காட்டினால்தான் முந்தைய வெற்றியை நம்புகிறேன்.