லா-வுக்கும் ஆர்டருக்கும் நடுவில் ஒரு ‘ர்’: மூன்று விளக்கங்களில் எது தேறும்?

இங்கிலாந்துக்காரர் யாராவது கிரிக்கெட் வர்ணனை சொல்லும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அணியைப் பன்மையில் சொல்வது அவர்கள் வழக்கம், அதனால் ‘இந்தியா ஆர் பேட்டிங்’ என்பார்கள். ஆனால் காதில் விழுவது ஏறக்குறைய ‘இந்தியர பேட்டிங்’. இந்தியாவின் கடைசியில் எழுத்தில் இல்லாத ஒரு ‘ர்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஆர்’ என்ற சொல்லில் எழுத்தில் இருக்கிற ‘ர்’ காணாமல் போயிருக்கிறது. மூன்றே சொற்களில் ஒன்று கூடி, ஒன்று குறைந்துவிட்டது.

இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள். இங்கிலாந்தின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களின் உச்சரிப்பில், அடுத்து உயிரொலி வந்தால்தான் ‘ர்’ ஒலிக்கும். ‘ஃபார்’ என்று எழுதியிருப்பதைத் தனியாகச் சொன்னால் ‘ஃபா’. அடுத்து ‘டவுன்’ வந்தாலும் ‘ஃபா டவுன்’. ‘அவே’ வந்தால் மட்டும் ‘ஃபாரவே’. எழுத்தில் ஏற்கெனவே இருந்து, உயிர் வந்ததும் எழுந்துகொள்கிற இந்த ‘ர்’ இணைப்பு ர். இதை யாரும் தவறு என்று சொல்வதில்லை.

எழுத்தில் இல்லாத இடத்தில் வருவது நுழைவு ர். ‘ஐடியா ஆஃப் இட்’ என்பது ‘ஐடியர் ஆஃப் இட்’ ஆகிறது. ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதை இப்படிச் சொல்லும்போது ‘லாரா நார்டர்’ என்ற பெண்மணியின் பெயர் போலக் கேட்கும் என்பது அங்கே பழைய கேலி. ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்களும் பெரும்பாலான அமெரிக்கர்களும் ‘ஃபார்’ என்பதை எப்போதும் ‘ர்’ ஒலித்தே சொல்கிறவர்கள். அவர்களிடம் லாரா நார்டர் எட்டிப்பார்ப்பதில்லை. எந்த விளக்கமானாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இருக்கிற ‘ர்’-ஐ விழுங்குகிறவர்கள்தான் இல்லாத ‘ர்’-ஐயும் சேர்க்கிறார்கள். ஏன்?

முதல் விளக்கம் எளிமையானது. மனதில் உள்ள சொல் ‘ஃபார்’தான், மெய்யொலிக்கு முன்னாலும் நிறுத்தத்துக்கு முன்னாலும் அந்த ‘ர்’ விழுகிறது, உயிருக்கு முன்னால் விழாமல் நிற்கிறது. இதை ‘விழும் ர்’ என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. ‘ஆன் ஆப்பிள்’, ‘அ புக்’ என்பதில் பழைய வடிவம் ‘ன்’ உள்ளதுதான். மெய்க்கு முன்னால் அந்த ‘ன்’ உதிர்ந்து, உயிருக்கு முன்னால் மட்டும் தங்கிவிட்டது. இணைப்பு ர் அச்சு அசலாக அதே நடத்தை.

சிக்கல் ‘லா’-வில் வருகிறது. அந்தச் சொல்லில் என்றைக்குமே ‘ர்’ கிடையாது, பிறகு எங்கிருந்து விழுவதும் நிற்பதும்? அப்படியென்றால் இன்றைய பேச்சாளர்கள் ‘லா’, ‘இந்தியா’, ‘ஐடியா’ எல்லாவற்றையும் மனதில் ‘ர்’ வைத்தே சேமித்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். நேற்று வந்த பெயர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். ‘ஒபாமா அண்ட்’ என்பதை ‘ஒபாமர் அண்ட்’ என்று சொன்னவர்கள் அந்தப் பெயரை ‘ர்’ போட்டு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லையே.

இரண்டாவது விளக்கம் தமிழ் படித்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு மெய் வரும், நம் உடம்படுமெய். இ, ஈ, ஐ வழியாக வந்தால் ‘ய்’, மற்ற உயிர்களின் வழியாக ‘வ்’, ஏ-வுக்குப் பின் இரண்டும் என்று நன்னூல் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் இது நடக்கிறது. ‘சீ இட்’ என்பது ‘சீயிட்’, ‘டூ இட்’ என்பது ‘டூவிட்’. மிச்சம் இருக்கும் உயிர்கள் மூன்று வகை: ‘ஸ்பா’-வில் உள்ள நீண்ட ஆ, ‘லா’-வில் உள்ள ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுப்பட்ட ஒலி, ‘சைனா’-வின் கடைசியில் உள்ள மங்கலான அ. இந்த மூன்றுக்கும் உரிய உடம்படுமெய்தான் ‘ர்’ என்கிறது இந்த விளக்கம். ஆங்கில ‘ர்’ நாக்கை அடிக்காமல் வளைத்து நிறுத்தி எழுப்பும் ஒலி, கிட்டத்தட்ட உயிர் மாதிரி. ஆகவே மங்கலான அ-வுக்கு அது இயல்பான துணை என்று வாதாடுவார்கள்.

கணக்கு அழகாகப் பொருந்துகிறது. எனக்கும் நெடுநாள் இதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் நாக்கின் இயல்புதான் காரணம் என்றால் எல்லாரும் அதைச் செய்ய வேண்டும். ஸ்காட்லாந்துக்காரருக்கும் அதே நாக்குதான், அவர் செய்வதில்லை. அதைவிடப் பெரிய அடி வேறு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பழைய உச்சரிப்பு ‘ர்’ விழுங்குவது; ஆனால் அங்கே ‘ஃபார் அவே’ என்பதையே பலர் ‘ஃபா அவே’ என்று ‘ர்’ இல்லாமல்தான் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவிலும் பலர் அந்த இடத்தில் தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறந்துவிட்டுப் போகிறார்கள். இணைப்பு ர் இல்லாத இடத்தில் நுழைவு ர் வளர்வதில்லை.

அப்புறம் பென்சில்வேனியாவின் தென்பகுதி. அங்கே சிலர் ‘ட்ராயிங்’ என்பதை ‘ட்ராலிங்’ என்பார்கள். நடுவில் வருவது ‘ர்’ அல்ல, ‘ல்’. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: அந்த வட்டாரத்தில் ‘ட்ரால்’ போன்ற சொற்களின் கடைசி ‘ல்’ கரைந்து உயிராகிவிட்டது. எங்கே ‘ல்’ கரைந்ததோ அங்கே ‘ல்’ நுழைகிறது, எங்கே ‘ர்’ விழுந்ததோ அங்கே ‘ர்’ நுழைகிறது. ஒலியின் இயல்பு தேர்ந்தெடுத்திருந்தால் ஒரே உயிருக்கு இரண்டு ஊரில் இரண்டு மெய் வந்திருக்காது.

மூன்றாவது விளக்கத்துக்கு 1972-இல் தியோ ஃபென்னமான் என்ற ஜெர்மன் மொழியியலாளர் ஒரு பெயர் கொடுத்தார்: விதி தலைகீழாதல். முதலில் விழுந்தது, பிறகு வந்த தலைமுறை அதைத் திருப்பிப் படித்துக்கொண்டது என்பதுதான் சாரம். இதை ஒரு குழந்தையின் காதிலிருந்து பார்த்தால் புரியும்.

லண்டன் பக்கம் வளரும் ஒரு குழந்தைக்கு ‘ட்யூனர்’, ‘ட்யூனா’ இரண்டும் ஒரே ஒலி. முதலாவது வானொலியில் அலைவரிசை பிடிக்கும் கருவி, இரண்டாவது சூரை மீன். இரண்டுமே ‘ட்யூன’. ‘ஸ்பார்’, ‘ஸ்பா’ இரண்டும் ‘ஸ்பா’. ‘லோர்’, ‘லா’ இரண்டும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வயதில், எதில் பழைய ‘ர்’ இருந்தது, எதில் இல்லை என்று அறிய வழியே கிடையாது.

ஆனால் குழந்தை ஒன்றை நிறையக் கேட்கிறது. மங்கலான அ-வில் முடியும் அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் பழைய ‘ர்’ உள்ளவை: ஃபாதர், மதர், வாட்டர், பெட்டர், நெவர், ஆஃப்டர், ஓவர். இவை ஒவ்வொன்றும் தனியே நின்றால் ‘ர்’ இல்லை, உயிர் வந்தால் ‘ர்’ உண்டு. ‘சைனா’, ‘ஆனா’ மாதிரியானவை சொற்பம், பெரும்பாலும் பெயர்கள். குழந்தை போடும் கணக்கு இதுதான்: இந்த ஒலியில் முடிந்து அடுத்து உயிர் வந்தால் ‘ர்’ போட வேண்டும். அந்தக் கணக்கில் ‘மதர் இஸ்’ சரியாக வருகிறது, கூடவே ‘ஆனர் இஸ்’ என்பதும் வந்துவிடுகிறது. பெரியவர்கள் விழுங்கிய ‘ர்’, பிள்ளைகள் சேர்க்கும் ‘ர்’ ஆகிவிட்டது.

‘சீ’, ‘டூ’ ஏன் தப்பின என்பதற்கும் இதுவே பதில் தருகிறது. ‘பீர்’ என்ற சொல்லில் ‘ர்’ விழுந்தபோது மங்கலான அ ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டது, ‘பிய’ மாதிரி. ஆகவே ‘சீ’-யின் ஒலியில் முடியும் எந்தச் சொல்லும் ‘ர்’ இழந்ததாக இல்லை. குழம்ப ஆளில்லாததால் நுழைய வழியும் இல்லை. இரண்டாவது விளக்கம் நாக்கைக் காரணம் காட்டிய அதே மூன்று உயிர்கள், இங்கே வரலாற்றிலிருந்தே கிடைத்துவிடுகின்றன.

காலமும் ஒத்துப்போகிறது. 1762-இல் தாமஸ் ஷெரிடன் என்ற பேச்சுக்கலை ஆசிரியர், லண்டன் பாமரர்கள் பெலிண்டா என்ற பெயரை ‘பெலிண்டர்’ ஆக்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். 1791-இல் ஜான் வாக்கர் தன் உச்சரிப்பு அகராதியில், லண்டனில் ‘பார்ட்’, ‘கார்ட்’ ஆகியவை கிட்டத்தட்ட ‘பாட்’, ‘காட்’ என்றே கேட்கின்றன என்று எழுதினார். விழுங்குவதும் நுழைப்பதும் ஒரே ஊரில், ஒரே நூற்றாண்டில் கண்ணில் பட்டிருக்கின்றன.

சரி, இதில் ஓட்டையே இல்லையா? உண்டு. மூன்றாவது விளக்கத்தின்படி ‘ஹோமர்’ என்ற பெயரில் இன்று ‘ர்’ கிடையாது. அப்படியானால் ‘ஹோமெரிக்’ என்பதில் ‘ர்’ எங்கிருந்து? அங்கே முன்னால் இருப்பது எ, அதன் பின் ‘ர்’ சேர்க்கும் விதியே இல்லை. அதே ஒலியில் முடியும் ‘ஆல்ஜீப்ரா’-வோ ‘ஆல்ஜீப்ரெயிக்’ ஆகிறது. நடுவில் ‘ர்’ எதுவும் புதிதாக நுழைவதில்லை. ஹோமருக்கு ஒரு ரகசிய ‘ர்’ இருக்கிறது, ஆல்ஜீப்ராவுக்கு இல்லை என்பதுபோல் நடக்கிறது. முதல் விளக்கக்காரர்கள் பிடித்துத் தொங்குவது இதைத்தான். ‘ஹோமெரிக்’ போன்றவை படித்துத் தெரிந்துகொள்ளும் தனிச் சொற்கள், பேச்சு விதியால் அவ்வப்போது உருவாக்கப்படுபவை அல்ல என்பது மறுதரப்பின் பதில். முழுத் திருப்தி இல்லை என்றாலும் எனக்கு அது போதும், ஏனென்றால் உடனுக்குடன் உருவாக்கும் சொற்களில் விதி தயங்குவதே இல்லை. எழுத்தாளர் ‘காஃப்கா’-வின் பெயரோடு, ‘போன்ற’ என்று பொருள் தரும் ‘எஸ்க்’ விகுதியைச் சேர்த்தால் ‘காஃப்கரெஸ்க்’. ஆங்கிலத் தேவாலயப் பாடகர் குழுக்கள் லத்தீனில் பாடும்போதுகூட ‘க்ளோரியா இன்’ என்பது ‘க்ளோரியர் இன்’ ஆகிவிடுவது உண்டு. வேற்று மொழிக்கே தொற்றுகிற அளவு உயிருள்ள விதி அது.

பழைய ‘ர்’, புதிய ‘ர்’ என்று இரண்டு வேறு பொருள்கள் பேச்சாளர் மனதில் இல்லை என்பதை, நுழைவு ர்-ஐ ஒழிக்க முயல்கிறவர்களே காட்டிக்கொடுக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து இது தவறு என்று பள்ளியில் திருத்தப்பட்டவர், ‘லா அண்ட்’ என்பதில் கவனமாக நிறுத்தி, தொண்டையை அடைத்துத் தாண்டுவார். அதே கவனத்தில், கொஞ்ச நேரத்தில் ‘ஃபார் அவே’, ‘ஃபோர் ஓ க்ளாக்’ என்பவற்றிலும் நியாயமான ‘ர்’-ஐ விட்டுவிட்டு ‘ஃபா… அவே’ என்று சொல்லிப் போவார். எழுத்து கையில் இல்லாதபோது இரண்டையும் பிரிக்க அவர் காதிடம் எதுவும் இல்லை.