பெட்டி குறைந்தால் லாரி கூடுமா? எளிய அடுக்கு விதியோடு என் நீண்ட காலப் பழக்கம்

லோடு பிரிக்க இன்னும் அந்தப் பழைய எக்செல் கணக்கைத்தான் வைத்திருக்கிறீர்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், அதேதான். பெட்டிகளை எடைப்படி பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்து, ஒவ்வொன்றையும் முதல் லாரியிலிருந்து பார்த்துக்கொண்டே வா, எதில் முதலில் இடமிருக்கிறதோ அதில் போடு, எதிலும் இல்லையென்றால் புது லாரி. ஃபர்ஸ்ட் ஃபிட் டிக்ரீசிங் என்பார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த வரிசையிலேயே ஏற்றினால், கடைசியில் வரும் பெரிய பெட்டிக்கு எங்கும் இடமிருக்காது, அது ஒன்றுக்காகவே ஒரு லாரி போகும். பெரியதை முன்னால் ஏற்றினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, மிச்ச சந்துபொந்துகளைச் சின்னப் பெட்டிகள் அடைத்துக்கொள்ளும். உத்தரவாதமும் உண்டு: எவ்வளவு மோசமாகப் போனாலும் மிகச் சிறந்த அடுக்கைப் போல சுமார் 11/9 மடங்குக்குள் நிற்கும் என்று 1970-களிலேயே கணினி அறிவியலாளர் டேவிட் ஜான்சன் காட்டிவிட்டார், மிச்சமிருந்த சில்லறைக் கணக்கை 2007-ல் கணிதவியலாளர் டோசா துல்லியமாக முடித்துவைத்தார். அதாவது 9 லாரி போதும் என்ற இடத்தில் இது 11-ஐத் தாண்டாது. வழக்கமான லோடில் அந்த அளவுக்கெல்லாம் போவதே இல்லை.

ஆனால் எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். எல்லாம் பிரித்து முடித்த பிறகு ஒரு ஆர்டர் கேன்சலாகும். ஒரு பெட்டி குறைகிறது, சரி, நல்லதுதானே என்று மறுபடி கணக்கை ஓடவிட்டால் ஒரு லாரி கூடுதலாகக் கேட்கும்! எக்செல்லில் தப்பு இல்லை, விதியின் குணமே அதுதான். கணிதவியலாளர் ரான் கிரஹாம் காட்டிய உதாரணம் ஒன்று இருக்கிறது, பென்சிலும் தாளும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரி தாங்கும் எடை 524. பெட்டிகள்: 442 ஒன்று, 252 ஏழு, 127 ஐந்து, 106 நான்கு, 85, 84, 46 ஒவ்வொன்று, 37 இரண்டு, 12 மூன்று, 10 ஆறு, 9 இரண்டு. விதிப்படி ஏற்றினால் 7 லாரியும் ஒரு இம்மி மிச்சமில்லாமல் நிறைகிறது. இப்போது 46 கேன்சல் என்று எடுத்துவிட்டு ஓடவிட்டால் 8 லாரி.

நடப்பது இதுதான். முதல் லாரியில் 442 ஏறியதும் 82 மிச்சம். 46 இருந்தவரை அதுவும் அங்கேயே ஏறி 36 விட்டுவைத்தது, ஒரே ஒரு எண் குறைவதால் 37 உள்ளே வர முடியவில்லை, பின்னால் வந்த மூன்று 12-களும் அதைக் கச்சிதமாக நிரப்பின. 46 போனதும் இரண்டு 37-களும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன, மிச்சம் 8. இடமிழந்த 12-கள், ஆளுக்கொரு லாரியாக, இரண்டிரண்டு 252 ஏறி 20 காலியாக இருந்த மூன்று லாரிகளில் போய் ஏறுகின்றன, அங்கும் 8 மிச்சம். அங்கே இரண்டிரண்டாகப் போகவேண்டிய 10-கள் ஐந்து, ஆறு, ஏழாவது லாரிகளுக்கு ஓடுகின்றன. கடைசியில் ஆறு லாரிகளில் 8, ஒன்றில் 7 காலி, வெளியே ஒரு 9 பெட்டி நிற்கிறது. அந்த ஒன்றுக்காக எட்டாவது லாரி. மொத்தக் காலியிடம் 55, ஆனால் 9-க்கு இடமில்லை!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும்: மொத்த எடையை ஒரு லாரியின் கொள்ளளவால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள். இங்கே 3622-ஐ 524-ஆல் வகுத்தால் 6.9, அதாவது 7-க்குக் கீழே யாராலும் முடியாது. விதி 7 சொன்னால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். 8 சொன்னால் இன்னொரு முறை பார்க்கலாம் என்று பொருள், 7-ல் கட்டாயம் முடியும் என்று பொருளல்ல.

அப்புறம், பெட்டி கேன்சலானால் நான் மறுபடி கணக்கை ஓடவிடுவதே இல்லை. பழைய அடுக்கை அப்படியே வைத்து அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். லாரி எண்ணிக்கை அதிகமாக வழியே இல்லை, ஏற்றுகிறவர்களிடம் புதுத் தாளும் கொடுக்கவேண்டாம். பெட்டி கூடுதலாக வந்தால் மட்டும் மறுபடி ஓடவிட்டு, பழைய அடுக்கில் அதைச் செருகினால் வருவதோடு ஒப்பிட்டு, குறைவானதை எடுத்துக்கொள்கிறேன். இதெல்லாம் எடையை மட்டும் பார்க்கும் கணக்கு. பெட்டியின் நீள அகலமும், எதன் மேல் எதை வைக்கலாம் என்பதும் சேர்ந்தால் 7 என்று தாள் சொன்னாலும் கதவு மூடாமல் போகலாம்.

இவ்வளவு புகழ்ந்தும் திட்டியும் எழுதிவிட்டு, புதிதாக ஆரம்பிக்கும் நண்பருக்கு இதைச் சொல்வேனா? ஆர்டர் அடிக்கடி கேன்சலாகிற இடமென்றால் வேண்டாம் என்பேன். நான் மட்டும் மாற்றப்போவதில்லை.