லேப்டாப் அடி கொதிக்கிறதா? மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன் சூட்டை அளந்து பாருங்கள்

பெரம்பூரில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். நாலு வருஷமான லேப்டாப், i5-8250U பிராசஸர். ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரே தொல்லை. காலையில் ஆன் செய்ததும் நன்றாக ஓடும். பத்து நிமிஷம் ஆனதும் எக்ஸெலில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகவே திணறும். அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத சூடு.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "ரேம் பத்தல மேடம், விண்டோஸும் கரப்ட் ஆயிருக்கு" என்றார்கள். 8 ஜிபி ரேமுக்கு 2,400, விண்டோஸ் போட 800, ஜெனரல் சர்வீஸ் என்று 1,200. மொத்தம் 4,400 ரூபாய் கட்டினேன். ஏசி போட்ட அந்தக் கடையிலேயே ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார்கள், பறந்தது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் பழைய கதைதான். திரும்பப் போனால், "அப்போ மதர்போர்டு வீக். மாத்தணும், 13,500 ஆகும்" என்கிறார்கள்.

அவ்வளவு பணம் இல்லை என்பதால்தான் தப்பித்தேன். என் அத்தை மகன் ஹார்டுவேர் வேலையில் இருக்கிறான். போனில் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, டெம்பரேச்சர் எவ்வளவுன்னு பார்த்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை.

அவன் சொன்னபடி HWiNFO என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். திறக்கும்போது Sensors-only என்பதை டிக் செய்தால் அளவுகள் மட்டும் வரும். சார்ஜரைச் செருகி, லேப்டாப்பை மேஜையில் வைத்து, ஒன்றும் செய்யாமல் பத்து நிமிஷம் விட்டேன். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. அப்புறம் 7-Zip திறந்து, Tools மெனுவில் Benchmark ஓட்டினேன். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்க அது போதும்.

முதல் சில நொடிகள் வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது. ஒரு நிமிஷத்துக்குள் சூடு 99 டிகிரி. அந்த பிராசஸரின் உச்ச வரம்பே 100 தான். Core Thermal Throttling என்ற வரியில் No என்று இருந்தது Yes ஆனது. வேகம் மளமளவென்று இறங்கி 0.9 கிகாஹெர்ட்ஸில் நின்றது. கருகிப் போகாமல் இருக்க பிராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. அதில் எவ்வளவு ரேம் போட்டு என்ன பயன்?

வேகம் குறைந்தாலே தூசி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்றும் அவன் சொன்னான். இந்த வகை 15 வாட் பிராசஸர்கள் முதல் அரை நிமிஷம் போல வேகமாக ஓடிவிட்டு, மின்சார வரம்பால் கொஞ்சம் இறங்குவது வழக்கம். அப்போது Power Limit Exceeded என்ற வரியில்தான் Yes வரும். அது கோளாறு இல்லை. சூடு 60 டிகிரியில் இருக்கும்போதே வேகம் அடிமட்டத்துக்குப் போனால் சார்ஜரைச் சந்தேகப்பட வேண்டும். 95க்கு மேல் சூடு, Thermal வரியில் Yes, கூடவே வேகம் அதன் அடிப்படை அளவுக்கும் கீழே (எனக்கு 1.6), இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் காற்றோட்டம் பக்கம் பார்க்கணும்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. ஃபேன் இரைச்சலாகச் சுற்றியது, ஆனால் பக்கவாட்டுத் துளையில் கையை வைத்தால் காற்றே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து பிரித்தான். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனைத் தனியாகக் கழற்றியதும் தெரிந்தது: ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் செப்புத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துணி மாதிரி ஒரு தூசிப் பட்டை. பஞ்சும் முடியும் சேர்ந்து இறுகி, விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. மெத்தைமேல் வைத்து வேலை செய்வேன். பஞ்சு உள்ளே போனது அப்படித்தான். வெளியிலிருந்து ஊதியிருந்தால் இந்தப் பட்டை அசைந்திருக்காது. பிரஷ்ஷால் தகடுகளைத் துடைத்து, காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினான்.

அதே மேஜை, அதே சோதனை. சும்மா இருக்கும்போது 49 டிகிரி, முழு வேலையில் 78. வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நிலையாக நின்றது. Thermal வரியில் கடைசி வரை No. பேஸ்ட்டுக்கு ஆன செலவு 350 ரூபாய்.

ரேம் போட அந்தக் கடைக்காரர்கள் அடிமூடியைத் திறந்திருக்கிறார்கள். ஃபேன் கண்ணெதிரே இருந்திருக்கிறது. தெரிந்தே ஏமாற்றினார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எதையும் அளக்காமல் மதர்போர்டு போச்சு என்று சொன்னது பெரிய தப்பு. இரண்டு சோதனைகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் தூசிப் பட்டையின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பில்லில் இருந்த ஜெனரல் சர்வீஸில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அரை மணி நேரம் நின்ற பிறகு அந்த 1,200 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.