கொம்பு இடம் மாறிய டைட்டில்: நான்கு வருட அனுபவம்

போன மாதம் கணினியில் எஸ்எஸ்டி மாற்றி, பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளை மறுபடி நிறுவினேன். அன்று இரவே ஒரு கோயில் திருவிழா வீடியோவுக்கு 'கொடியேற்றம்' என்று டைட்டில் தட்டினால், க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டது. 'டி'யின் மேல்சுழி தனியே விலகி நின்றது. நான்கு வருடத்துக்கு முன் சரிசெய்த அதே கோளாறு.

லதா, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் என்று எழுத்துரு மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே உடைசல். அதே சொல் நோட்பேடில் ஒழுங்காகத் தெரிந்தது. அப்படியென்றால் எழுத்துரு மேல் தப்பில்லை. யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் உயிர்க்குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது, திரையில் வரையும்போது மென்பொருள் செய்ய வேண்டிய வேலை. அது லத்தீன் எழுத்துக்கான முறையில் இருந்தால் குறிகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும்.

Preferences-இல் Text Engine என்ற இடத்தில் South Asian and Middle Eastern என்று மாற்றினேன். பழைய டைட்டில் அப்படியேதான் இருந்தது. அதை அழித்துப் புதிதாகத் தட்டியதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. இந்த அமைப்பு புராஜெக்டில் சேமிக்கப்படுவதில்லை, கணினியோடு போய்விடுகிறது. என் கோபம் முழுக்க அதில்தான். மறு நிறுவலுக்குப் பின் எந்த எச்சரிக்கையும் இல்லை. நான் கவனிக்காமல் விட்டிருந்தால் உடைந்த தமிழ் ஊர்த் திரையில் ஓடியிருக்கும்.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் இந்தத் தொல்லை இல்லையே என்று நண்பர் கேட்டார். உண்மைதான், அதில் கொம்பை நாமே முதலில் தட்டுகிறோம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புராஜெக்டைத் திறந்தால் 'தமிழ்' என்பது `jkpo;` என்று நிற்கும். எனக்கு அது வேண்டாம்.

அமைப்பு சரியாக இருந்தாலும் இரண்டு இடத்தில் எழுத்து பிரியும். Tracking-ஐக் கூட்டினால் கொம்புக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது, அதை 0-இல் வைக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக வரும் அனிமேஷனில் 'கொ' துண்டு துண்டாக வருகிறது. அதனால் சொல் முழுவதையும் ஒன்றாக நகர்த்துகிறேன்.

முக்கியமான டைட்டில்களை இப்போது இன்க்ஸ்கேப்பில் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து டைம்லைனில் போடுகிறேன். வீடியோ 1920×1080 என்றாலும் படம் 3840×2160. இருமடங்கு வரை ஜூம் செய்தாலும் ஓரம் மங்காது, எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. எழுத்துப்பிழை வந்தால் திரும்ப ஏற்றுமதி செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம். அசையும் டைட்டிலை வேறு எடிட்டருக்குக் கொடுப்பதென்றால், பின்னணி இல்லாமல் வைத்திருக்கும் புரோரெஸ் 4444 வடிவில் கொடுக்கிறேன். ஹெச்.264-இல் கொடுத்தால் பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும்.

வெட்டு, வண்ணம், ஒலி மூன்றிலும் இந்த மென்பொருளில் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் தமிழ் டைட்டில் அதிகம் போடுகிற நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.